போட்டோவில் வரும் மருந்துச்சீட்டு: பதிவு எண் சரியாக இருந்தால் போதுமா?

கேள்வி: சின்ன ஊரில் மெடிக்கல் வைத்திருக்கிறேன். இப்போது பாதிப் பேர் சீட்டை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள். டாக்டர் பெயர், ரெஜிஸ்டர் நம்பர், தேதி, சீல், கையெழுத்து எல்லாம் இருக்கிறது. தூக்க மாத்திரை, வலி மாத்திரை கேட்கும்போதுதான் பயமாக இருக்கிறது. நிஜமான சீட்டுதானா என்று போட்டோவை வைத்தே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: போட்டோவை வைத்து "இதில் ஏதோ சரியில்லை" என்று பல நேரம் சொல்லிவிடலாம். "இது நிஜம்தான்" என்று சொல்ல முடியாது. நீங்கள் சொன்ன எல்லாமே ஒழுங்காக இருக்கும் சீட்டிலேயே ஏமாற வாய்ப்பு அதிகம். ஏனென்றால் வெள்ளைத்தாளில் புதிதாக உருவாக்கிய சீட்டை விட, நிஜ டாக்டர் நிஜமாக எழுதிய சீட்டில் ஒரு எண்ணை மட்டும் திருத்தி அனுப்புவது எளிது. அதில் பெயரும் சரி, பதிவு எண்ணும் சரி, சீலும் சரி. அதனால் ஒவ்வொன்றும் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும்.

முதலில் பதிவு எண். மருத்துவர் தன் பதிவு எண்ணைச் சீட்டில் போட வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. அதைச் சரிபார்க்க nmc.org.in தளத்தில் Indian Medical Register என்ற பக்கம் இருக்கிறது. அதில் பெயரை வைத்துத் தேடாதீர்கள். நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் படுத்தும் பாடு தெரியும்தானே. லெட்டர்பேடில் இனிஷியலோடு இருப்பவர் பதிவேட்டில் அப்பா பெயரை முழுசாகச் சேர்த்து இருப்பார். கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொண்ட பெண் மருத்துவர்களும் உண்டு. எண்ணைப் போட்டு, கூடவே மாநிலக் கவுன்சிலையும் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். கவுன்சிலைத் தேர்ந்தெடுப்பது ஏன் முக்கியம் என்றால், ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக எண் கொடுக்கிறது. ஒரே எண் தமிழ்நாட்டில் ஒருவருக்கும் கேரளாவில் இன்னொருவருக்கும் இருக்கும். வேறு பெயர் வந்துவிட்டது என்பதற்காக உடனே போலி என்று முடிவுகட்டாமல், அவர் எந்த மாநிலத்தில் பதிவு செய்தவர் என்று பாருங்கள்.

பதிவேட்டில் எம்.பி.பி.எஸ். மட்டும் இருக்கிறது, லெட்டர்பேடில் எம்.எஸ். ஆர்த்தோ என்று இருக்கிறது என்றால் அதுவும் குற்றச்சாட்டுக்குப் போதாது. மேற்படிப்பு பதிவேட்டில் ஏறாமல் இருக்கலாம். பல் மருத்துவர்களுக்குத் தனிக் கவுன்சில், சித்தா, ஆயுர்வேத மருத்துவர்களுக்குத் தனிப் பதிவு என்பதால் அவர்கள் இந்தப் பக்கத்தில் வரவே மாட்டார்கள். எல்லாம் பொருந்தினாலும் உங்களுக்குத் தெரிவது, அப்படி ஒரு மருத்துவர் இருக்கிறார் என்பது மட்டும்தான். அந்த எண் அவர் கிளினிக் பலகையிலும், அவர் கொடுத்த ஒவ்வொரு சீட்டிலும், ரசீதிலும் இருக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் பார்த்து எழுதிவிடலாம்.

சீலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மருந்துகள் விதிகள் 1945, 65ஆம் விதி ஒரு சீட்டில் கேட்பவை இவைதான்: எழுத்தில் இருக்க வேண்டும், மருத்துவர் வழக்கமாகப் போடும் கையெழுத்தும் தேதியும் வேண்டும், நோயாளியின் பெயரும் முகவரியும், கொடுக்க வேண்டிய மொத்த அளவும், சாப்பிட வேண்டிய அளவும் வேண்டும். இந்தப் பட்டியலில் சீல் இல்லை. சீல் இல்லாத நல்ல சீட்டு எத்தனையோ வரும். அழகான சீலோடு போலியும் வரும், ரப்பர் ஸ்டாம்ப் செய்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. என்னைக் கேட்டால், சீலைப் பார்க்கிற நேரத்தில் நோயாளியின் முகவரியும் மொத்த எண்ணிக்கையும் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது மேல்.

கையெழுத்தில் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம். அதே மருத்துவரின் பழைய சீட்டு உங்களிடம் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஆள் போடும் இரண்டு கையெழுத்து ஒரே சாயலில் இருக்கும், ஆனால் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. வளைவு, நீளம், முடிகிற இடம் எல்லாம் இம்மி பிசகாமல் பழைய சீட்டில் உள்ளதைப் போலவே இருந்தால், அங்கிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். பெரிதாக்கிப் பார்த்தால் கையெழுத்தைச் சுற்றி மட்டும் தாளின் நிறம் வெளுத்திருப்பது, லெட்டர்பேடின் கோடு கையெழுத்துக்கு அடியில் வந்து அறுந்துபோவது போன்றவை தெரியும். ஒரு விதிவிலக்கு: பெரிய ஆஸ்பத்திரிகளில் கம்ப்யூட்டரில் அச்சாகும் சீட்டில் கையெழுத்தே படமாக இருக்கும், எல்லாச் சீட்டிலும் ஒன்றாகத்தான் இருக்கும். அங்கே ஓ.பி. எண்ணை ஆஸ்பத்திரியில் கேட்டு உறுதி செய்வதே வழி.

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், நுணுக்கமெல்லாம் மங்கிவிடும். அதனால் வந்த படத்தையே முறைத்துப் பார்ப்பதை விட, "சீட்டை மேசையில் வைத்து, நாலு ஓரமும் தெரிகிற மாதிரி இன்னொரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று கேளுங்கள். சீட்டு கையில் இருப்பவருக்கு ஒரு நிமிஷ வேலை. திருத்திய படம் மட்டும் வைத்திருப்பவர் தடுமாறுவார், அல்லது இன்னொரு போன் திரையில் இருப்பதைப் படம்பிடித்து அனுப்புவார். திரையைப் படம் எடுத்தால் மெல்லிய வரிகள் அலையலையாக ஓடும், சட்டென்று தெரிந்துவிடும். அப்படி வந்தாலும் நேரே போலி என்று சொல்லிவிடாதீர்கள். வெளியூரில் இருக்கும் மகன் அம்மாவின் சீட்டை யாரிடமாவது அனுப்பச் சொல்லியிருக்கலாம்.

இப்போது தேதிக்கு வருகிறேன். இவை எல்லாவற்றிலும் அதிகம் உதவுவது அதுதான். ஒரு உதாரணச் சீட்டை எடுத்துக்கொள்வோம். ஆல்பிரசோலம் 0.5 மி.கி., 0-0-1, பத்து நாள், மொத்தம் 30. தேதி 24-8-2025. டாக்டர் பக்கத்து ஊர்க்காரர், பதிவு எண்ணைத் தேடினால் பெயர் பொருந்துகிறது, கையெழுத்தும் வழக்கமானதுதான். ஆனால் இரவில் ஒன்று வீதம் பத்து நாளுக்குப் பத்து மாத்திரைதானே வர வேண்டும்? காலண்டரைப் பார்த்தால் 24-8-2025 ஞாயிற்றுக்கிழமை. லெட்டர்பேடின் அடியிலேயே "ஞாயிறு விடுமுறை" என்று அச்சடித்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் 24-இன் 2 மற்ற எழுத்துகளை விடத் தடித்திருக்கிறது, 30-இன் 3-உம் அப்படியே. 14ஆம் தேதி, வியாழக்கிழமை, பத்து மாத்திரைக்கு எழுதிய சீட்டாக இருந்திருக்கலாம். தேதியை நகர்த்தினால் புதுச் சீட்டு, எண்ணிக்கையை மாற்றினால் மூன்று மடங்கு மாத்திரை. இதெல்லாம் சந்தேகம்தான், தீர்ப்பு அல்ல. டாக்டரே அவசரத்தில் 30 என்று எழுதியிருக்கலாம், ஞாயிறன்று தெரிந்தவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கலாம்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழி கிளினிக்கைக் கூப்பிடுவது. சீட்டில் இருக்கும் நம்பரை மட்டும் நம்பாதீர்கள், போலி லெட்டர்பேடில் நம்பரும் அவர்களுடையதாகவே இருக்கும். உங்களிடம் உள்ள பழைய சீட்டிலிருந்தோ, நீங்களே விசாரித்தோ எடுத்த நம்பருக்குப் பேசுங்கள். பேசும்போது "ஆல்பிரசோலம் முப்பது எழுதினீங்களா?" என்று கேட்டால், வேலை மும்முரத்தில் "ஆமா" என்று வந்துவிடும். நோயாளியின் பெயரைச் சொல்லி, "என்னைக்கு வந்தாங்க, என்ன எழுதியிருக்கீங்க, எத்தனை?" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். சொல்வது பொருந்தவில்லை என்றால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

இவ்வளவு பாடும் எல்லா மருந்துக்கும் வேண்டாம். வருஷக்கணக்கில் உங்களிடமே வாங்குகிறவரின் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரைக்கு மருத்துவரின் பெயர், தேதி, அளவு மூன்றையும் பார்த்து மருந்தை எடுத்து வையுங்கள், வாங்க வரும்போது சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஆல்பிரசோலம், டிரமடால், சோல்பிடெம் போன்ற ஷெட்யூல் எச்1 மருந்துகளுக்குப் போட்டோவை ஆர்டராக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காரணம் அதே 65ஆம் விதியில் இருக்கிறது. ஷெட்யூல் எச், எச்1, எக்ஸ் மருந்துகளுக்கான சீட்டில், மருத்துவர் எழுதிக்கொடுத்தால் ஒழிய ஒரு முறைக்கு மேல் மருந்து கொடுக்கக் கூடாது. கொடுத்ததும் கடையின் பெயர், முகவரி, தேதியை மருத்துவரின் கையெழுத்துக்கு மேலே குறிக்க வேண்டும். போட்டோவில் எங்கே குறிப்பீர்கள்? ஒரே போட்டோ ஒரே சாயங்காலத்தில் பத்துக் கடைக்குப் போகும். பத்துக் கடையிலும் சீட்டு நிஜம், டாக்டர் நிஜம், மாத்திரை மட்டும் பத்து மடங்கு. தாளில் உங்கள் கடைக் குறிப்பு விழுந்துவிட்டால் அடுத்த கடைக்காரருக்குப் பார்த்ததுமே தெரியும். எச்1 பதிவேட்டில் மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். டிரக் இன்ஸ்பெக்டர் கேட்டால் எழுதியதற்குப் பின்னால் ஒரு சீட்டு இருந்தாக வேண்டும்.

"ஆன்லைனில் டாக்டரைப் பார்த்தோம், அவரே போட்டோதான் அனுப்பினார்" என்பார்கள். அது பொய்யாகத்தான் இருக்கும் என்றில்லை. 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி, கையெழுத்திட்ட சீட்டின் படத்தை மருத்துவர் மெசேஜில் அனுப்பலாம். ஆனால் ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளையும் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் உள்ளவற்றையும் அப்படி எழுதக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. ஆல்பிரசோலமும் டிரமடாலும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு வருபவர் ஆன்லைன் சீட்டைக் காட்டினால், மருத்துவரிடம் நேரில் எழுதி வாங்கிவரச் சொல்லிவிடுங்கள்.

வாடிக்கையாளரிடம் "இது போலி" என்ற பேச்சே வேண்டாம். உங்கள் சந்தேகம் தப்பாகவும் இருக்கலாம், எதிரில் நிற்பவர் நிஜமாகவே தூக்கமில்லாமல் தவிப்பவராக இருக்கலாம். "இந்த மாத்திரைக்கு ஒரிஜினல் சீட்டைப் பார்த்துக் குறிப்பு போடணும், எடுத்துட்டு வந்தா உடனே தர்றேன்" என்றால் போதும், அது சட்டமும்கூட. திருத்தியிருக்கிறது என்று கிளினிக்கிலேயே சொல்லிவிட்டால் மருந்து கொடுக்காதீர்கள், படத்தையும் அது வந்த நம்பரையும் அழிக்காமல் வைத்து டிரக் இன்ஸ்பெக்டருக்குத் தெரிவியுங்கள். கடைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டுவிட வேண்டாம். அதில் ஒருவருடைய பெயரும் நோயும் இருக்கிறது, அவர் அந்தத் திருத்தத்துக்குச் சம்பந்தமே இல்லாதவராக இருக்கலாம். எச்சரிக்க வேண்டுமென்றால் மருந்தின் பெயரையும் எந்த இடத்தில் திருத்தியிருந்தது என்பதையும் எழுதினால் போதும்.