அண்ணன் எடுத்துக்கொண்ட புதுப் பங்குகள்

"கொழிஞ்சாம்பாறையில் ஆறு உறவினர்களின் அரிசி ஆலைக் கம்பெனி. அண்ணன் எனக்குச் சொல்லாமல் புதுப் பங்குகளை எடுத்துக்கொண்டு என் 20 சதவீதத்தை 8 ஆக்கிவிட்டார். வழக்குப் போட முடியுமா?"

முடியும். பங்குப் பணம் பாக்கியில்லை என்றால், 8 சதவீதம்தானே என்று தயங்க வேண்டாம். கம்பெனிச் சட்டத்தின் 244ஆம் பிரிவுப்படி, மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு இல்லாவிட்டாலும் உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் வந்தால் போதும். ஆறு பேரில் நீங்கள் ஒருவரே போதும்.

முதலில் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கலான, பங்கு ஒதுக்கீட்டைத் தெரிவிக்கும் PAS-3 படிவத்தைப் பாருங்கள். ஒதுக்கிய தேதி தெரியும். பழைய விகிதப்படி உங்களுக்கும் பங்கு தருவதாகக் கடிதம் வந்திருக்க வேண்டும். அனுப்பினோம் என்றால் தபால் அத்தாட்சியைக் கேளுங்கள். சிறப்புத் தீர்மானம் போட்டு அண்ணனுக்கு மட்டும் ஒதுக்கினோம் என்றால் கூட்ட அறிவிப்பைக் கேளுங்கள். பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

241ஆம் பிரிவின்கீழ் கொச்சியிலுள்ள தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனுப் போடுங்கள். ஒதுக்கீட்டை அது ரத்து செய்யலாம். உங்கள் பங்கை நியாய விலைக்கு வாங்கிக்கொள்ளும்படி அண்ணனுக்கும் உத்தரவிடலாம். பேச்சுவார்த்தையே நின்றுபோன குடும்பத்துக்கு இரண்டாவதுதான் நல்லது.