சந்து முடியும் முன் பேச்சு முடிய வேண்டும்: செட்டிநாட்டு ஒலி வழிகாட்டி பற்றிக் கேள்வி பதில்

பழைய வீடுகளைப் பார்த்தபடி தெருத் தெருவாக நடக்கும் மரபு நடைகளுக்கு, காதில் மாட்டிக் கேட்கும் ஒலிக்குறிப்பு எழுதுவது என் வேலை. கானாடுகாத்தானில் நடை வைத்திருப்பவர்கள், வைக்க நினைப்பவர்கள், ஒருவர் வீட்டுக்காரர் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

காரைக்குடியிலிருந்து, நடை நடத்துபவர்: அக்கா, எட்டு இடம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் என்று எழுதி முடித்தேன். ஆனால் இரண்டாவது வீட்டிலேயே பாதிப் பேர் காதிலிருந்து கழற்றிவிடுகிறார்கள். எவ்வளவு குறைக்கணும்?

முதலில் பிரியுங்கள், அப்புறம் குறைக்கலாம். உங்கள் ஐந்து நிமிடத்துக்குள் மூன்று விதமான பேச்சு கலந்து கிடக்கும்: எப்படிப் போவது, எதைப் பார்ப்பது, அந்த வீட்டின் கதை. வழி சொல்வதைத் தனித் துண்டாக வையுங்கள். வழி தவறியவர் அதை மட்டும் திரும்பக் கேட்டுக்கொள்ளலாம், கதை முழுவதையும் பின்னால் ஓட்டித் தேட வேண்டியதில்லை. நின்று பார்க்கும் துண்டு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போனால் நானே வெட்டிவிடுவேன். அங்கே தெருக்கள் அகலம், மரம் குறைவு, பத்து மணிக்கே வெயில் தலையில் இறங்கிவிடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். வடக்கு தெற்காகப் போகும் தெருவில் காலையில் கிழக்கு வரிசை வீடுகளின் நிழல்தான் தெருவில் விழும். ஆளை அந்த ஓரத்தில் நிறுத்தி எதிரே இருக்கும் மேற்கு வரிசை வீட்டைப் பார்க்கச் சொன்னால், நிற்பவருக்கு நிழல், முகப்புக்கு வெளிச்சம். மாலை நடைக்கு இதைத் திருப்பிப் போடுங்கள். ‘எந்தப் பக்கம் நிற்கணும்’ என்ற வரியே மாறுவதால் காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று இரண்டு பதிவு எடுத்துக்கொள்வது நல்லது.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: நடக்கும்போது பேசவே கூடாது, நின்றால்தான் பேசணும் என்று படித்தேன். சரிதானே?

பாதி சரி. நடக்கிறவருக்குக் கண் பாதையில் இருக்கும், காது டூவீலர் சத்தத்துக்கும் கொஞ்சம் வேண்டும். அதனால் ‘தூணின் உச்சியில் இருக்கும் வேலைப்பாட்டைப் பாருங்கள்’ போன்ற வரியை நடைத் துண்டில் வைத்தால் எதிலாவது இடித்துக்கொள்வார். ஆனால் எட்டு இடத்துக்கு நடுவிலும் மௌனம் என்றால் நடை துண்டு துண்டாகப் போய்விடும். எதையும் உற்றுப் பார்க்கத் தேவையில்லாத பேச்சை நடக்கும்போது கொடுக்கலாம். அதற்குச் செட்டிநாட்டில் இயல்பாகவே ஓர் இடம் இருக்கிறது, அடுத்த பதிலில் பாருங்கள்.

புதுச்சேரியிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்: தமிழில் எழுதியதை ஆங்கிலம், இந்தி, பிரெஞ்சுக்கு மாற்றுகிறோம். தமிழில் சரியாக அமைந்தது பிரெஞ்சில் நீண்டுவிடுகிறது. ஆள் திருப்பத்துக்குப் போய்விடுகிறார், பேச்சு பின்னாலேயே வருகிறது.

அங்கே பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் கொல்லை வாசலுமாக நீண்டு கிடக்கும், தெரியும்தானே? அந்தப் பக்கச் சுவரை ஒட்டிய சந்து 100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வேகமாக நடப்பவர் நிமிடத்துக்கு 80 மீட்டர் போவார், அவருக்கு அது 75 நொடி. வேடிக்கை பார்த்துக்கொண்டு நடப்பவர் நிமிடத்துக்கு 50 மீட்டர், அவருக்கு 2 நிமிடம். பேச்சு வேகமானவரின் கணக்கில்தான் முடிய வேண்டும். திருப்பத்துக்கு முன்னால் மூச்சு விட 15 நொடி விட்டால் 60 நொடி மிச்சம். அந்த 60 உங்கள் நான்கு மொழிகளில் எது நீளுமோ அதற்கு. பெரும்பாலும் பிரெஞ்சு. அது 60-இல் அடங்க வேண்டுமென்றால் தமிழ் 45 நொடிக்குள் நிற்க வேண்டும்.

முதலில் நான் எழுதியது இது: ‘இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பர்மாவிலிருந்து தருவிக்கப்பட்ட தேக்கு மரங்களைக் கொண்டு கட்டப்பட்ட இந்த மாளிகை இரண்டு தெருக்களுக்கு இடையே பரந்து விரிந்துள்ளது.’ படிக்கும்போது குறை தெரியாது. காதில் கேட்டால் வாக்கியம் கடைசிக்கு வரும்வரை எந்த மாளிகை, எங்கே என்று புரியாது, அதற்குள் நாலு அடி போய்விடுவார். மாற்றி எழுதியது:

‘உங்கள் வலது கைப்பக்கம் நீளமாக ஒரு சுவர். (3 நொடி மௌனம்) இது முழுக்க ஒரே வீடு. வாசல், நீங்கள் விட்டுவந்த தெருவில். கொல்லை வாசல், நீங்கள் போகப்போகும் தெருவில். (5 நொடி) சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் முகப்பு. அப்புறம் வானத்தைப் பார்த்த முற்றத்தோடு வளவு. அதைத் தாண்டி இரண்டாம் கட்டு. கடைசியில் அடுப்படி. (4 நொடி) சுவர் முடிகிற இடத்தில் நின்றுகொள்ளுங்கள்.’

மௌனத்தையும் சேர்த்து என் வாயில் 40 நொடிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. தேக்கு இதில் இல்லை. தூணைத் தொட்டுப் பார்க்கும் இடத்தில் சொன்னால் போதும்.

இதில் ‘இப்போது நீங்கள் வளவைக் கடக்கிறீர்கள்’ என்று எழுத எனக்குக் கை அரித்தது, ஏனென்றால் கால் நகர நகர வீட்டின் உள்பகுதியும் மாறும், அழகான பொருத்தம். எழுதவில்லை. ஒருவர் வளவருகே போகும்போது இன்னொருவர் அடுப்படிக்கே போயிருப்பார். ‘இப்போது’, ‘இதோ’ இரண்டும் நிற்கும் துண்டுகளுக்கு மட்டும். அதேபோல் ‘வலது கை’ என்றால் நடை ஒரே திசையில்தான். எதிர்த்திசையில் வருபவருக்கு இந்தத் துண்டு பயன்படாது.

பிரெஞ்சில் வார்த்தைக்கு வார்த்தை மாற்றாமல், ‘இந்த மௌனங்கள் இதே இடத்தில் இருக்க வேண்டும், இடையில் உள்ளதை உங்கள் மொழியில் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். வளவு என்ற சொல்லை வைத்துக்கொண்டு விளக்கம் சேர்த்தால் சில நொடி கூடும். அதற்கு ஈடாக இரண்டாம் கட்டை எடுத்துவிடலாம், சுவர் ஒரே வீடு என்ற செய்தி கெடாது. இந்தியில் ‘ஆங்கன்’ என்ற சொல் முற்றத்தைச் சுலபமாகக் காட்டிவிடுவதால் அங்கே விளக்கமே வேண்டாம். ஆண்டுகளிலும் கவனம் வேண்டும். பிரெஞ்சில் 1912 என்பதே நான்கு சொல். கானாடுகாத்தான் அரண்மனைக்கு அந்த ஆண்டைச் சொல்லுங்கள், அதே நிறுத்தத்தில் இரண்டாவது ஆண்டு வேண்டாம்.

கானாடுகாத்தான் பூர்வீகம், இப்போது சென்னை: நீங்கள் சொல்வதெல்லாம் சரி. எங்கள் வீடும் அந்தத் தெருதான். எங்கள் ஐயா பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்தது, மரம் கப்பலில் வந்தது, 1942-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே திரும்பியது, முழுக் கதையையும் நான் பேசி அனுப்புகிறேன். பதினொரு நிமிடம். முதல் நிறுத்தத்தில் போடுவீர்களா?

அண்ணே, முதல் நிறுத்தத்தில் முடியாது, ஆனால் விடவும் மனமில்லை. கேட்பவர் உட்கார்ந்தால்தான் பதினொரு நிமிடம் தாங்கும். உங்கள் வீட்டுத் திண்ணையில் பத்துப் பேர் உட்காரச் சம்மதம் என்றால், நடையின் நடுவில் ஓய்வுத் துண்டாக வைக்கலாம், வேண்டாதவர் தாண்டிப் போகட்டும். இல்லையென்றால் நடந்து திரும்பிய பகுதியிலிருந்து இரண்டு நிமிடம் மட்டும் உங்கள் குரலிலேயே போடலாம். பிற மொழிகளில் உங்கள் தமிழ் பத்து நொடி கேட்டு, அப்புறம் மெல்ல அடங்கி மொழிபெயர்ப்புக் குரல் மேலே வரும்.

இதைப் படிக்கும் நடை நடத்துபவர்களுக்கு: பூட்டிக் கிடப்பதாகத் தெரியும் வீடுகளுக்கும் பங்காளிகள் இருக்கிறார்கள். வாசலில் கூட்டத்தை நிறுத்துவதாக எழுதுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

தேவகோட்டையிலிருந்து, ஆசிரியை: வளவு, பட்டாலை, பெட்டகசாலை என்று எங்கள் வழக்கில் போட்டால் கோவைக்காரருக்குப் புரியாது. பொதுத் தமிழில் போட்டால் எங்கள் ஊருக்கே அந்நியமாக இருக்கிறது. எது சரி?

என் வழக்கம்: பொருள் கண்முன்னே இருந்தால் ஊர்ச் சொல், இல்லையென்றால் கூடவே ஒரு பொதுச்சொல். மேலே ‘வானத்தைப் பார்த்த முற்றத்தோடு வளவு’ என்று வந்தது அதனால்தான். குரல் விஷயத்தில் மட்டும் எனக்கே இன்னும் தெளிவில்லை. ஊர்க்காரர் குரலில் பதிந்தால் உயிர் இருக்கிறது. ஆனால் அவர்கள் கதையில் இறங்கிவிட்டால் வேகம் ஏறி, மௌனத்தையெல்லாம் விழுங்கிவிடுகிறார்கள்.

அதே ஆசிரியை: வேகம் ஏறினால் என்ன? எங்கள் பேச்சே அப்படித்தான். மௌனத்தை அப்புறம் கணினியில் சேர்த்துக்கொள்ளலாமே.

சேர்க்கலாம். மூச்சு பாதியில் அறுந்த மாதிரி கேட்காத வரைக்கும். நீங்களே ஒரு துண்டு பதிந்து அனுப்புங்கள், வைத்துப் பார்ப்போம்.

திருச்சியிலிருந்து, மென்பொருள் வேலை: ஜிபிஎஸ் வைத்து இடம் வந்ததும் தானாகப் பேசும்படி செய்தால் இந்த நொடிக் கணக்கே தேவைப்படாதே?

எங்கே தொடங்குவது என்பதை அது பார்த்துக்கொள்ளும், எங்கே முடிவது என்பதைப் பார்க்காது. திறந்த தெருவில் போன் ஐந்து மீட்டர் அளவுக்குள் இடம் காட்டும், உயரமான சுவர் ஓரத்தில் அதற்கு மேலும் தடுமாறும். அடுத்தடுத்த இரண்டு வீட்டுக்குத் தனித்தனித் துண்டு வைத்தால் தவறான வீட்டின் கதை ஓடும். வீட்டுக்குள்ளே அதை நம்பவே வேண்டாம். நான் சந்து முனை போன்ற இடங்களுக்கு மட்டும் தானியங்கி வைத்து, மற்றதற்கு எண்ணை அழுத்தச் சொல்கிறேன். கோப்புகள் முன்கூட்டியே போனில் இறங்கியிருக்க வேண்டும். மோனோ எனும் ஒற்றைத் தடத்தில் 64 கேபிபிஎஸ் வைத்தால் நிமிடத்துக்கு அரை எம்பிதான். ஒற்றைத் தடமாக இருந்தால் ஒரு காதில் மட்டும் மாட்டியவருக்கும் எதுவும் விடுபடாது.

காரைக்குடி நடைக்காரர் மறுபடியும்: எல்லாம் எழுதிவிட்டு எப்படிச் சோதிப்பது?

ஸ்டுடியோவுக்குப் போகும் முன் போனிலேயே உங்கள் குரலில் பதியுங்கள். ஊர் தெரியாத நான்கு பேரிடம் கொடுத்து, பத்தடி பின்னால் பேசாமல் நடங்கள். ஒருவராவது அறுபதைத் தாண்டியவராக இருக்கட்டும். அவர்கள் சொல்லும் கருத்தைவிட உடம்பைப் பாருங்கள். நடைத் துண்டில் ஆள் நின்றுவிட்டால் அங்கே ஏதோ பார்க்கச் சொல்லியிருக்கிறீர்கள். நிற்கும் துண்டில் கால் மாற்றி நின்றால் நீளம். தலை திரும்பித் தேடினால், எங்கே என்பதைச் சொல்லும் முன் என்ன என்று சொல்லிவிட்டீர்கள். ‘வாசல் நிலைக்கு மேலே, சுதையில், கஜலட்சுமி’ என்ற வரிசைதான் காதுக்கு. நம் வாக்கிய அமைப்புக்கு அது தானாக வரும். ஆங்கிலத்தில் பொருள் முன்னால் வந்து இடம் பின்னால் போய்விடும், அங்கே வாக்கியத்தை உடைத்து எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக, நான் சூடுபட்ட ஒன்று. ஒரு வெளியூர் ஸ்டுடியோவில் பதிந்த பிரெஞ்சுக் குரலில் ஊர்ப்பெயர்கள் அடையாளமே தெரியாமல் வந்தன, முழுவதையும் மறுபடி எடுத்தோம். இப்போதெல்லாம் எழுத்தோடு கூடவே கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் என்று ஒவ்வொரு பெயரையும் இரண்டு முறை நிதானமாகச் சொல்லிப் பதிந்து அனுப்பிவிடுகிறேன்.