செலவு-பயன் ஆய்வு இல்லாத விதி செல்லுமா?

“ஆணையம் செலவு-பயன் ஆய்வே செய்யாமல் விதி போட்டுவிட்டது. அதை வைத்தே ரத்து கேட்கலாமா?”

வணக்கம். ஆணையத்துக்கு விதி போடும் அதிகாரம் தந்த தாய்ச்சட்டம் அந்த ஆய்வைக் கட்டாயமாக்கியிருந்தாலொழிய, அது ஒன்றே போதாது. இந்தியாவில் எல்லா விதிகளுக்கும் பொதுவான அத்தகைய சட்டக் கடமை இல்லை. ஆனால் ஆய்வின்மை, விதி தன்னிச்சையானது என்பதற்குச் சான்றாகலாம்.

துண்டிக்கப்படும் ஒவ்வொரு அழைப்புக்கும் 1 ரூபாய், நாளொன்றுக்கு அதிகபட்சம் மூன்று அழைப்புகளுக்கு, தொலைபேசி நிறுவனங்கள் இழப்பீடு தர வேண்டும் என்ற, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2015ஆம் ஆண்டு விதியை உச்ச நீதிமன்றம் 2016இல் ரத்து செய்தது. சராசரியாக 36.9 விழுக்காடு துண்டிப்புகள் வாடிக்கையாளர் தரப்பால் நேரக்கூடும் என்று டிராயின் தொழில்நுட்ப அறிக்கையே கூறியிருக்க, முழுப் பழியையும் நிறுவனங்கள்மீது சுமத்தியதே அவ்விதியின் பெரிய ஓட்டை. ஆகவே ஆணையத்தின் கலந்தாய்வு அறிக்கையையும் விளக்கக் குறிப்பையும் முதலில் படியுங்கள். விதியோடு முரண்படும் தரவு அங்கே அகப்படக்கூடும்.