சேலைப் படத்தில் நிறம் மாறுவது ஏன்?

காரைக்குடியில் வீட்டிலிருந்தே கண்டாங்கிச் சேலை விற்கிறேன். படத்தில் நிறம் மாறித் தெரிகிறது. இலவசச் செயலியால் சரிசெய்ய முடியுமா?

முடியும், ஸ்னாப்சீட் போதும். வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி படத்தின் எல்லா நிறங்களையும் ஒழுங்குபடுத்துவதே White Balance எனும் வெண்சமநிலை. மஞ்சள் விளக்கொளி படிந்தால் அரக்குச் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். கடைக்குள் பார்த்த சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நாம் மறுபடி பார்ப்பதும் இதனால்தான்.

விளக்கை அணைத்துவிட்டு, முற்றத்து நிழலில் சேலையருகே ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் படமெடுத்து, ஸ்னாப்சீட்டின் White Balance பகுதியிலுள்ள நிறமெடுக்கும் குறியைத் தாளின்மேல் நிறுத்தினால், நிறங்கள் பெரும்பாலும் உண்மைக்குத் திரும்பும். பிறகு தாளை Crop மூலம் வெட்டிவிடலாம். ஒரு பக்கம் பகலொளியும் மறுபக்கம் விளக்கொளியும் விழுந்த படத்தை மட்டும் இவ்வாறு முழுதாகத் திருத்த இயலாது. மறுபடி எடுப்பதே எளிது.

ஃபில்டர் போட்டாலே நிறம் சரியாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது படத்தை அழகாக்குமே தவிர, சேலையின் உண்மை நிறத்தை அறியாது.