முடிவற்ற கம்பியும் மணி வடிவமும் – கடிதம்

வணக்கம் சார். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு மீட்டர் கம்பியில் வெப்பம் பரவுவதை, இரண்டு முனைகளிலும் நிபந்தனை வைத்து சைன் தொடராகப் போட்டபோது நன்றாகவே புரிந்தது. கம்பி இரு பக்கமும் முடிவில்லாமல் போகிறது என்றதும் ஃபூரியர் மாற்றம் எடுத்து, நாலு வரியில் மணி வடிவ விடை வந்துவிட்டது. முனை நிபந்தனைகள் எங்கே போயின? நடுவில் ஒரு துண்டைக் கட்டம் போலச் சூடாக்கினாலும் கடைசியில் ஏன் மணிதான் வருகிறது? அப்படி ஒரு கம்பியே உலகத்தில் இல்லாதபோது இந்த விடையை எதை வைத்து நம்புவது?

— வினோத்

அன்புள்ள வினோத்,

அந்த நாலு வரியில் இரண்டாவது வரியை எல்லோரும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள், உங்கள் முதல் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. ஒரு செப்புக் கம்பியை வைத்துக்கொண்டே பேசுவோம். பக்கவாட்டில் வெப்பம் வெளியேறாதபடி நன்றாகச் சுற்றி மூடியிருக்கிறது. அறை 30 டிகிரி. கம்பியின் நடுவில் 2 செ.மீ. நீளத் துண்டை மட்டும் சட்டென்று 130 டிகிரிக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறோம். சமன்பாடு நீங்கள் போட்டதுதான்:

u_t = k u_xx

இதில் u என்பதை வெப்பநிலை என்று எழுதாதீர்கள், அறையைவிட எத்தனை டிகிரி அதிகம் என்று எழுதுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் கம்பி முழுக்க 30 என்று வைத்தால் முடிவில்லாத நீளத்துக்கு 30 பரவிக் கிடக்கும், அதை இண்டக்ரேட் செய்தால் விடை எங்கும் நிற்காது, வழக்கமான முறையில் மாற்றம் எடுக்கவே முடியாது. 30ஐக் கழித்துவிட்டால் x = −1 முதல் 1 வரை 100, மற்ற இடமெல்லாம் பூஜ்யம். இதற்கு மாற்றம் தாராளமாக எடுக்கலாம்.

û(ω,t) = ∫ u(x,t) e^(−iωx) dx   (−∞ முதல் ∞ வரை)

இப்போது u_xx-க்கு மாற்றம் எடுக்க வேண்டும். பாகங்களாகப் பிரித்து இரண்டு முறை இண்டக்ரேட் செய்கிறோம், ஒவ்வொரு முறையும் முனைகளில் ஒரு உறுப்பு வந்து நிற்கும்: முதலில் u_x, பிறகு u, இரண்டும் x = ±∞-ல். கரும்பலகையில் அவற்றை "பூஜ்யம்" என்று ஒரு கோடு போட்டு அடித்துவிடுவார்கள். நீங்கள் தேடுகிற முனை நிபந்தனை அந்தக் கோடுதான். வெகுதூரத்தில் u-வும் அதன் சரிவும் தேய்ந்து பூஜ்யமாகிவிடும் என்பதை அங்கே சத்தமில்லாமல் பயன்படுத்திவிட்டோம். அது உண்மையாக இல்லாத கணக்கில், உதாரணமாக இடது பாதி முழுக்க 100, வலது பாதி முழுக்க 0 என்று தொடங்கினால், இதே வரியை அப்படியே எழுத முடியாது. அதற்கு விடை இருக்கிறது, ஆனால் வேறு வழியாகப் போக வேண்டும்.

மிஞ்சுவது இவ்வளவுதான்:

û_t = −kω² û
û(ω,t) = f̂(ω) e^(−kω²t)

f̂ என்பது தொடக்க நிலையின் மாற்றம். ஒரு மீட்டர் கம்பியில் nπ/L என்று விட்டுவிட்டு வந்த அலைகளுக்குப் பதிலாக இங்கே எல்லா ω-வும் உண்டு, ஏனென்றால் இந்த நீளத்துக்குள் பொருந்து என்று சொல்ல முனை இல்லை. கூட்டுத்தொகை இண்டக்ரலாக மாறுவது அதனால்தான். ஃபூரியரே 1807-ல் பாரிஸில் கொடுத்த முதல் கட்டுரையில் அளவுள்ள பொருள்களோடுதான் நின்றார். முடிவற்ற கம்பி 1811-ல் பரிசுப் போட்டிக்கு அனுப்பிய கட்டுரையில்தான் வருகிறது. ஆகவே இந்தத் தாவல் உங்களுக்கு இடறுகிறது என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, மணி ஏன்? மேலே உள்ள விடையைச் சூத்திரமாகப் பார்க்காமல், ஒவ்வொரு அலையும் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பாருங்கள். செம்புக்கு k சுமார் 1.1, அலகு விநாடிக்குச் சதுர சென்டிமீட்டர். ω = 10 என்றால் அலைநீளம் அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அது நூறில் ஒரு விநாடிக்குள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ω = 1, அலைநீளம் 6 செ.மீ. சொச்சம், அதற்குச் சுமார் 0.9 விநாடி. ω = 0.1, அலைநீளம் 63 செ.மீ., அதற்கு 91 விநாடி ஆகும். அலைநீளம் பத்து மடங்கானால் ஆயுள் நூறு மடங்கு. அடுக்கில் உட்கார்ந்திருக்கும் அந்த ω²-தான் எல்லா வேலையையும் செய்கிறது.

நம் கட்டத்தின் மாற்றம் 200 sin ω / ω. அதன் கூர்மையான மூலைகளை உருவாக்குவதெல்லாம் பெரிய ω-கள். 10 விநாடி கழித்து இதை e^(−11ω²) பெருக்குகிறது. ω = 1-ல் அந்தப் பெருக்கம் லட்சத்தில் இரண்டு பங்குகூட இல்லை, ஆக அந்தப் பக்கம் எல்லாம் செத்துப்போயிற்று. உயிரோடு இருப்பது ω 0.5-க்குள் இருப்பவை மட்டும், அதிலும் பெரும்பாலும் 0.3-க்குள். அந்த இடத்தில் sin ω / ω கிட்டத்தட்ட 1 (0.3-ல்கூட 0.985). அதாவது கட்டமாகத் தொடங்கினோம் என்ற தகவலே அழிந்துவிட்டது, மிஞ்சியிருப்பது f̂(0) என்ற ஒற்றை எண். அது என்ன? ω = 0 போட்டால் u-வின் கீழுள்ள மொத்தப் பரப்பு, அதாவது நாம் ஊற்றிய வெப்பம்: 100 டிகிரி × 2 செ.மீ. = 200. முக்கோணமாகச் சூடாக்கியிருந்தாலும், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துண்டுகளாகச் சூடாக்கியிருந்தாலும், பரப்பு 200 என்றால் கொஞ்ச நேரத்தில் அதே இடத்துக்குத்தான் வந்து சேரும்.

இனி 200 e^(−kω²t)-ஐத் திருப்பி எடுக்க வேண்டும். அடுக்கில் −kω²t + iωx இருக்கிறது, அதை வர்க்கமாக நிரப்பினால்

−kt (ω − ix/2kt)² − x²/4kt

இரண்டாவது துண்டில் ω இல்லை, அது இண்டக்ரலுக்கு வெளியே வந்துவிடும். அதுதான் மணி. முதல் துண்டின் இண்டக்ரல் √(π/kt), அதை 2π-ஆல் வகுத்தால்:

u(x,t) = 200 / √(4πkt) · e^(−x²/4kt)

தேர்வில் அதிகம் தவறுவது இந்த 2π-யில்தான், ஏனென்றால் ஒரு புத்தகம் அதை மாற்றத்தில் வைக்கும், இன்னொன்று திரும்பி வரும்போது வைக்கும், மூன்றாவது இரண்டிலும் √(2π) வைக்கும். மனப்பாடம் செய்ய வேண்டாம். விடையின் கீழ்ப் பரப்பைக் கணக்கிடுங்கள். எல்லா நேரத்திலும் 200 வரவில்லையென்றால் எங்கோ 2π தொலைந்திருக்கிறது.

இப்போது நம்பகத்தன்மை. மணி எப்போதிலிருந்து சரி என்று முதலில் பார்ப்போம். கட்டத்துக்கான முழு விடை நடுப்புள்ளியில் 100 erf(1/√(4kt)). 0.1 விநாடியில் இது 97 டிகிரி தருகிறது, மணிச் சூத்திரமோ 170 என்கிறது. நாம் தொடங்கியதே 100 டிகிரியில், தானாக ஆறுகிற கம்பியில் அதைவிட மேலே எப்படிப் போகும்? தொடக்கத்தில் இருந்ததைவிட அதிகம் வந்தால் மணியை அவசரப்பட்டுப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். 1 விநாடியில் 50-க்கு எதிராக 54. 10 விநாடியில் 16.9-க்கு எதிராக 17.0, அதற்குப் பிறகு வித்தியாசம் தேடினாலும் கிடைக்காது. மணியின் அகலம் √(2kt) அளவுக்கு வரும், அது சூடாக்கிய துண்டைவிட நன்றாகப் பெரிதாகிவிட்டால் போதும்.

எதுவரைக்கும் சரி என்பது மறுபக்கம். உங்கள் ஒரு மீட்டர் கம்பியையே எடுங்கள், நடுவில் சூடாக்குங்கள், முனைகளையும் மூடிவிடுங்கள். 100 விநாடியில் அகலம் 14.8 செ.மீ., முனை 50 செ.மீ. தள்ளி இருக்கிறது, அங்கே சூத்திரம் சொல்வது 0.02 டிகிரி. கம்பிக்குத் தனக்கு முனை இருப்பதே இன்னும் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம், அதுவரை அது முடிவற்ற கம்பிதான். 1000 விநாடியில் அகலம் 47 செ.மீ., கதை மாறிவிட்டது. சூத்திரம் நடுவில் 1.7 டிகிரி என்கிறது, ஆனால் முனையில் முட்டித் திரும்பிய வெப்பம் சேர்ந்து உண்மையில் 2.05. அப்புறம் அது 2-க்குக் கீழே இறங்கவே இறங்காது, ஏனென்றால் 200-ஐ 100 செ.மீ.க்குப் பங்கிட்டால் 2 தானே. இந்த இடத்தில் உங்கள் பழைய தொடர் முறைதான் வேண்டும், முனைகள் மூடியிருப்பதால் சைனுக்குப் பதில் கொசைன், அதில் மாறிலி 2-க்குப் பிறகு ஒரு உறுப்பே போதுமானது. இரும்பில் k சுமார் 0.23, எனவே எல்லா நேரங்களையும் ஏறக்குறைய ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள்: மணி எங்குமே பூஜ்யமாவதில்லை, அப்படியானால் சூடாக்கிய மறுகணமே ஒரு மீட்டர் தள்ளி வெப்பம் போய்விட்டதா? சூத்திரப்படி ஆமாம். 10 விநாடியில் அங்கே எவ்வளவு என்று போட்டால் அடுக்கில் −227 வருகிறது, தசமப் புள்ளிக்குப் பிறகு தொண்ணூறுக்கும் மேற்பட்ட பூஜ்யங்கள் கழித்து ஒரு எண். அணுக்களால் ஆன கம்பியில் அப்படி ஒரு வெப்பநிலைக்குப் பொருளே கிடையாது. சமன்பாடு கம்பியைத் தொடர்ச்சியான பொருளாக எடுத்துக்கொண்டதன் விலை அது, அளக்கக்கூடிய எதையும் அது கெடுப்பதில்லை.

நிஜமாகவே கெடுப்பது பக்கவாட்டுக் கசிவு. சுற்றிய பஞ்சு சரியில்லை என்றால் சமன்பாட்டில் −hu சேரும், மாற்றம் எடுத்துப் பாருங்கள், எல்லா அலையும் ஒரேபோல e^(−ht) குறையும், அவ்வளவுதான். மணியின் உயரம் சரியும், அகலம் அதே √(2kt)-யாகவே இருக்கும். கசிவு இருக்கிறதா என்று பார்க்க உச்ச வெப்பநிலையை √t-ஆல் பெருக்கி வாருங்கள், முனைகள் தலையிடாத நேரத்துக்குள் அது மாறாமல் நின்றால் கசிவு இல்லை, குறைந்துகொண்டே போனால் இருக்கிறது. அதனால் ஆய்வகத்தில் k-ஐக் கண்டுபிடிக்கச் சொன்னால் உச்சத்தை அளந்து கணக்குப் போடாதீர்கள். கம்பி நெடுக நாலைந்து இடத்தில் தெர்மோகப்பிள் வைத்து அகலத்தை எடுங்கள், அகலத்தின் வர்க்கத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும், அதன் சரிவு 2k.