ஏணி முனையில் தண்ணீர் ஏன் சோர்ந்தது, ஏணி ஏன் நின்றது?

கேள்வி: தீயணைப்புப் பயிற்சியில் வண்டியின் ஏணியை 28 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, முனையில் தண்ணீர் பீய்ச்சும் பெரிய குழலான மானிட்டரைத் திறந்தோம். தண்ணீர் வலுவில்லாமல் விழுந்தது. நான் ஆக்ஸிலரேட்டரைக் கூட்டினேன். சத்தம்தான் கூடியது, அழுத்தம் கூடவில்லை. ஏணியை இடப்பக்கம் நீட்டியபோது பாதியிலேயே தானாக நின்றுவிட்டது. அந்தப் பக்கம் சுவர் இருந்ததால், வண்டி சாயாமல் தாங்கும் காலான ஜாக்கை முழுதாக விரிக்க முடியவில்லை. பம்பில் கோளாறா, ஏணியில் கோளாறா?

பதில்: இரண்டிலும் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. பம்புக்கு வேண்டிய தண்ணீர் வந்து சேரவில்லை. ஏணிக்கு வேண்டிய அடித்தளம் அந்தப் பக்கம் இல்லை.

முதலில் பம்ப். அதற்குள் இம்பெல்லர் என்ற இறக்கை வைத்த சக்கரம் சுழல்கிறது. நடுவில் நுழையும் தண்ணீரை இறக்கைகள் பிடித்து விளிம்புக்கு வீசுகின்றன. 25 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 3,500 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 165 கி.மீ. வேகத்தில் போகும். அப்படி வீசப்பட்ட தண்ணீர், சக்கரத்தைச் சுற்றி நத்தை ஓடுபோல அகன்றுகொண்டே போகும் கூட்டுக்குள் விழுகிறது. வழி அகல அகல வேகம் குறைகிறது. குறைந்த வேகம் அழுத்தமாக மாறுகிறது. ஆக, சக்கரம் தருவது வேகம். அதை அழுத்தமாக்குவது பெரும்பாலும் அந்தக் கூடு.

இதனால் அழுத்தம் சுற்றுவேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுகிறது. 2,000 சுற்றில் 6 பார் அழுத்தம் தரும் பம்ப், 2,800 சுற்றில் ஏறக்குறைய 12 பார் தரும். இது தண்ணீர் தடையில்லாமல் உள்ளே வரும்வரைதான். இன்னொரு விஷயம், பம்ப் தருவது உள்ளே வரும் அழுத்தத்துக்கு மேல் ஒரு கூடுதல். தெருவில் உள்ள தீயணைப்புக் குழாயான ஹைட்ரண்டில் இருந்து 3 பாரில் தண்ணீர் வந்தால், வெளியே 12 பார் வேண்டுமானாலும் பம்ப் 9 பார் சேர்த்தால் போதும்.

உங்கள் ஏணிக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுவோம். 10 மீட்டர் ஏற்றத்துக்கு 1 பார் வீதம் 28 மீட்டருக்கு 2.8 பார். மானிட்டரின் வாயில் 7 பார் இருக்கட்டும். ஹோஸிலும் ஏணிக் குழாயிலும் உராய்வில் போவது 2 பார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12 பாருக்குச் சற்றுக் குறைவு. நல்ல நிலையில் உள்ள பம்புக்கு இது எட்டாத அளவில்லை. சிக்கல் தண்ணீரின் அளவில் இருக்கிறது. மானிட்டர் நிமிடத்துக்கு 2,000 லிட்டர் கேட்பதாக இருந்தால், 2,000 லிட்டர் தொட்டி ஒரே நிமிடத்தில் காலி. அப்புறம் ஹைட்ரண்டில் இருந்து ஒற்றை ஹோஸ் வழியாக வருவதுதான் மிச்சம்.

வருவதைவிட அதிகமாக பம்ப் இழுக்கும்போது இம்பெல்லரின் நடுவில் அழுத்தம் மிகவும் தாழ்ந்து, தண்ணீர் சூடாகாமலேயே கொதித்துக் குமிழ் விடுகிறது. அந்தக் குமிழ்கள் விளிம்பை நோக்கிப் போகும்போது அழுத்தம் ஏறுவதால் பட்பட்டென்று உடைகின்றன. பம்புக்குள் ஜல்லியைக் கொட்டியதுபோல ஒரு சத்தம் வரும். நீங்கள் கேட்டது அதுவாகத்தான் இருக்கும். நீண்ட நேரம் விட்டால் இறக்கைகளில் குழி விழுந்துவிடும். நான் பயிற்சி கொடுக்கும்போது எல்லோரிடமும் கேட்பது ஒன்றுதான்: சுற்றைக் கூட்டியும் வெளியேற்றக் கேஜின் முள் நகரவில்லையா? அந்த நொடியே கையை எடுங்கள். சுற்றைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முள் இறங்கத் தொடங்கும் இடம்தான் அப்போது கிடைக்கும் தண்ணீருக்கான எல்லை. ஹைட்ரண்டிலிருந்து வரும் மென்ஹோஸைக் காலால் மிதித்துப் பாருங்கள். தட்டையாக அமுங்கினால் சந்தேகமே வேண்டாம். ஒன்று, இரண்டாவது ஹோஸைக் கொண்டுவந்து உள்வழியில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் மானிட்டருக்குச் சிறிய நாசில் மாட்ட வேண்டும். பாயும் அளவு பாதியானால் உராய்வு இழப்பு கால் பங்காகிவிடும் என்பதால், சிறிய நாசில் பல நேரம் இன்னும் தூரம் எட்டும்.

சரி, ஏணிக்கு வருவோம். வண்டி கவிழ்வதாக இருந்தால், அது அந்தப் பக்கத்து இரண்டு ஜாக்குகளின் பாதங்களை இணைக்கும் கோட்டின் மேல்தான் புரளும். கோட்டுக்கு உள்ளே இருக்கும் எடை வண்டியைப் பிடித்துவைக்கிறது. வெளியே நீளும் எடை அதைக் கவிழ்க்கப் பார்க்கிறது. எடையைக் கோட்டிலிருந்து உள்ள தூரத்தால் பெருக்கினால் வருவது திருப்புத்திறன். அதை டன்-மீட்டரில் சொல்லலாம்.

புரிவதற்காகத் தோராயமான எண்களை எடுத்துக்கொள்கிறேன். ஏணி தவிர்த்த வண்டி 14 டன், எடை நடுக்கோட்டில். ஏணி 2 டன், அதன் எடைமையம் நடுவிலிருந்து 6 மீட்டர் வெளியே. கூண்டும் ஆட்களும் 300 கிலோ, 14 மீட்டர் வெளியே. ஜாக்கை 2.3 மீட்டர் வரை முழுதாக விரித்தால், பிடித்துவைப்பது 14 × 2.3, அதாவது 32 டன்-மீட்டர். கவிழ்க்கப் பார்ப்பது ஏணியால் 7.4, கூண்டால் 3.5, சேர்ந்து 11. மூன்று மடங்கு கையிருப்பு. அதே ஜாக் சுவரால் தடுக்கப்பட்டு வண்டியின் அகலத்துக்குள், 1.25 மீட்டரிலேயே நின்றால்? பிடித்துவைப்பது 17.5 ஆகக் குறைகிறது. கோடு உள்ளே நகர்ந்ததால் கவிழ்ப்பதோ 13.3 ஆகக் கூடுகிறது. ஜாக் ஒரு மீட்டர் உள்ளே போனதற்கு, மூன்று மடங்காக இருந்த கையிருப்பு ஒன்றேகாலுக்குச் சற்று மேல்வரை இறங்கிவிட்டது. காற்றும், ஏணியைச் சட்டென்று நிறுத்துவதால் வரும் உலுக்கலும், தரைச் சரிவும் மிச்சத்தைத் தின்றுவிடும்.

இப்போதைய ஏணி வண்டிகளில் ஒவ்வொரு ஜாக்கும் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைக் கணினி அளந்து, அந்தந்தப் பக்கத்துக்குத் தனித்தனியாக எட்டும் எல்லையை வைக்கிறது. அதனால்தான் உங்கள் ஏணி இடப்பக்கம் நின்றது. ஜாக் முழுதாக விரிந்த வலப்பக்கம் முழு எல்லைக்கும் போயிருக்கும். இந்தத் தடையை அவசரச் சாவியால் தாண்டுவதை நான் எந்தச் சூழலிலும் ஏற்கமாட்டேன். வண்டியை முன்னே நகர்த்திச் சுவரைத் தாண்டி நிறுத்துங்கள், அல்லது விரிந்த பக்கம் கட்டடத்தைப் பார்க்கும்படி திருப்புங்கள்.

ஜாக்கின் நீளத்தைக் கணினி பார்க்கும். பாதத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. வடிகால் மூடி, நிரப்பிய பள்ளம், கேபிள் புதைத்த இடம் இவற்றின் மேல் பாதம் நின்றால் பலகை போட்டும் பயனில்லை. ஏணியை நீட்டும்போது ஒருவர் எதிர்ப்பக்கத்துப் பாதங்களைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். அங்கே பாதத்துக்கும் பலகைக்கும் இடையில் ஒளி தெரிந்தால், எடை மொத்தமும் இந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

பம்பும் ஏணியும் சந்திக்கும் ஒரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 7 பாரில் நிமிடத்துக்கு 2,000 லிட்டர் பீய்ச்சும்போது மானிட்டர் ஏணி முனையைப் பின்னோக்கித் தள்ளுவது கிட்டத்தட்ட 127 கிலோ எடைக்குச் சமம். நேராக முன்னே அடித்தால் ஏணி அதைத் தாங்கும். பக்கவாட்டில் அதிகம் திருப்பி அடித்தால் ஏணி முறுகும். அனுமதித்த கோணம் அந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். அதைத் தாண்டி அடிக்க வேண்டுமானால் மானிட்டரைத் திருப்பாதீர்கள், ஏணியைத் தாங்கிச் சுழலும் மேடையான டர்ன்டேபிளையே திருப்புங்கள். வால்வைப் பட்டென்று மூடினால் அந்த 127 கிலோ ஒரே நொடியில் காணாமல் போய், பின்னே வளைந்திருந்த முனை முன்னே ஆடும். குழாயிலும் அழுத்தம் உதைக்கும். மெதுவாகத் திறந்து மெதுவாக மூடுங்கள். ஏணி நெடுக ஓடும் 75 மி.மீ. குழாய் 30 மீட்டர் நீளம் என்றால் அதில் நிற்கும் தண்ணீரே 130 கிலோ. ஏணியின் சாய்வைத் தாழ்த்துவதற்கு முன் அதை வடித்துவிடுங்கள்.