12 லட்சத்துக்குள் கல்யாணச் சீர்: இடிப்பது பவுனா, சேதாரமா?

கேள்வி: மகளுக்குத் தை மாதம் கல்யாணம். நகை, புடவை, பாத்திர பண்டம் எல்லாம் சேர்த்து 12 லட்சம்தான், அதற்கு மேல் கடன் வாங்க மாட்டேன். நாங்களாகவே பத்துப் பவுன் போடலாம் என்று இருக்கிறோம். கடையில் எஸ்டிமேட் போட்டால் புடவைக்கும் பாத்திரத்துக்கும் காசு மிஞ்சாது போலிருக்கிறது. பவுனைக் குறைத்துவிடலாமா?

பதில்: பவுனில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். அந்த எஸ்டிமேட்டை எடுத்து, சேதாரம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். உங்கள் கணக்கு இடிக்கிற இடம் அதுதான்.

கணக்குப் போடச் சுலபமாக ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது இன்றைய விலை அல்ல, நீங்கள் வாங்கும் நாளின் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பவுனுக்கு 8 கிராம், ஆக 80,000. வேலைப்பாடு இல்லாத வளையல், சங்கிலி என்றால் சேதாரம் 8 சதவீதம் அளவில் முடிக்கலாம். அதோடு 3 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் பவுன் சுமார் 89,000. அதே தங்கத்தைக் கோயில் நகை, ஆன்டிக் என்று வாங்கினால் சேதாரம் 20 சதவீதம்கூடப் போடுவார்கள். பவுன் சுமார் 98,900. பத்துப் பவுனுக்கு வித்தியாசம் ஏறக்குறைய 99,000 ரூபாய். உங்கள் மகளின் மொத்தப் புடவைச் செலவே இந்தப் பணத்தில் அடங்கிவிடும்! நாளை அவசரத்துக்கு நகையை விற்கப் போனால் சேதாரத்துக்கு ஒரு பைசா திரும்பாது.

அதனால் எட்டுப் பவுனை வளையலாகவும் சங்கிலியாகவும் சாதாரண வேலைப்பாட்டில் வாங்குங்கள். மகள் ஆசைப்படும் ஆரத்துக்கோ நெக்லஸுக்கோ இரண்டு பவுனை ஒதுக்குங்கள், அதற்கு 18 சதவீதம் போனாலும் பரவாயில்லை. நம் கணக்குப்படி மொத்தம் 9,06,000 ரூபாய் சுமார். மீதி 2,94,000. அதில் புடவைக்கு 90,000, வீட்டுச் சாமானுக்கு 1,60,000. மிச்சமுள்ள 44,000 விலை ஏற்றத்துக்கு. கிராமுக்கு 500 ரூபாய் ஏறினால் பத்துப் பவுனுக்கு வரியெல்லாம் சேர்த்து ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். அதற்கு மேல் ஏறினால் முதலில் ஆரத்தைச் சிறிதாக்குங்கள்.

கடைக்குப் போகும்போது 'தெரிந்த கடை' என்று ஒருவர் கூட வருவார். தரகராக இருக்கலாம், தூரத்து உறவாகவும் இருக்கலாம். "உங்களுக்காக 22 சதவீதத்தை 16 ஆக்கச் சொல்லிவிட்டேன்" என்பார். அந்த 22 பல நேரம் குறைத்துக் காட்டுவதற்காகவே ஏற்றி வைத்த எண். அவருக்கான கமிஷன் அந்த 16-க்குள்ளேயே இருக்கும். அவரைத் தவிர்த்துவிட்டு, ஒரே மாதிரி நகைக்கு மூன்று கடைகளில் எஸ்டிமேட் எழுதி வாங்குங்கள். தங்கத்தின் விலையைக் கடை வாசலில் பலகையில் எழுதி வைக்கிறார்கள். சேதாரத்துக்கோ அரசு வைத்த உச்சவரம்பு எதுவும் கிடையாது. மெஷினில் செய்த நகைக்கும் பழைய கைவேலைக் கணக்கில் சேதாரம் வாங்குவதை இத்தனை வருஷமாக யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு ஆறாத கோபம்.

கல் வைத்த நகையில் இன்னொரு பொறி உண்டு. 20 கிராம் நெக்லஸில் 2 கிராம் கல் இருந்தால், தங்க விலையும் சேதாரமும் 18 கிராமுக்குத்தான் போட வேண்டும். மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் பில்லில் தனித்தனியாக இல்லையென்றால் பணம் கட்டாதீர்கள்.

916 ஹால்மார்க்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யூ.ஐ.டி. அடையாள எண்ணும் இல்லாத நகை வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் அந்த எண் இல்லாமல் விற்கக் கூடாது. பி.ஐ.எஸ். கேர் செயலியில் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். இதில் ஒரு விலக்கை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அது தாலியில்தான் வருகிறது. 2 கிராமுக்குக் குறைவான உருப்படிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. தாலியோடு கோர்க்கும் குண்டு, காசு, மணி இவையெல்லாம் பெரும்பாலும் அந்த எடைக்குள் அடங்கிவிடும். முத்திரை இல்லையே என்று பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. முத்திரை தேவையில்லை என்பதைச் சாக்காக வைத்து மட்டமான தங்கத்தைத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. கல்யாண நாளில் குண்டை உரசிப் பார்க்க யாருக்கு மனம் வரும்? அதனால் தாலிச் சாமான் ஒவ்வொன்றுக்கும் எடையும் 22 காரட் என்பதும் பில்லில் தனி வரியாக வரட்டும். 'தாலி செட்' என்று ஒரே வரியில் எழுதினால் ஏற்காதீர்கள். குடும்பத்து ஆசாரியிடம் செய்வதாக இருந்தால், கோர்ப்பதற்கு முன்பே பக்கத்து நகரத்து ஹால்மார்க் மையத்தில் சொற்பக் கட்டணத்தில் சோதித்துவிடலாம். கோர்த்த பிறகு அதை அவிழ்த்துக் கொடுக்க வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள்.

புடவையில் முகூர்த்தப் பட்டு ஒன்று மட்டும் அசல் ஜரிகையில் இருந்தால் போதும். சில்க் மார்க் முத்திரை நூல் பட்டு என்று மட்டுமே சொல்லும், ஜரிகையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். முந்தானை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஜரிகை இழை ஒன்றைச் சுரண்டிப் பார்த்தால், அசலில் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். வெள்ளை நூலோ செம்புக் கம்பியோ தெரிந்தால் அந்த விலைக்கு வேண்டாம். காஞ்சிபுரத்தில் இறங்கியதும் "தறி வீட்டுக்கே கூட்டிப்போகிறேன்" என்று வரும் ஆட்டோவில் ஏறாதீர்கள். அவர் காட்டுகிற வீட்டுக்காரர் நீங்கள் கொடுக்கும் விலையிலிருந்துதான் அவருக்கும் கமிஷன் கொடுக்கிறார். கோ-ஆப்டெக்ஸிலோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ நேராகப் போய் விலை பார்த்துவிட்டு, அதன்பிறகு மற்ற கடைகளுக்குப் போங்கள். ரவிக்கைக்கு ஆரி வேலை, குஞ்சம், தையல் இவற்றைப் புடவைப் பட்ஜெட்டுக்குள்ளேயே எழுதுங்கள். புடவைக்கு நிகரான கூலி கேட்கும் ரவிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுச் சாமானில் அவசரம் வேண்டாம். குத்துவிளக்கு, சில பித்தளை, எவர்சில்வர் பாத்திரம், மிக்ஸி, கிரைண்டர் இவை போதும். '51 பாத்திரம், ஒரே விலை' என்னும் செட்டை வாங்காதீர்கள், எண்ணிக்கைக்காக மெல்லிய தகட்டை அடுக்கியிருப்பார்கள். எடைக்கு விற்கும் கடையில் வாங்குங்கள். கட்டில், பீரோ, பிரிட்ஜ், வாஷிங் மெஷினுக்கான பணத்தை மகள் பெயரில் வங்கியில் போட்டு வைத்து, அவர்கள் குடியேறும் வீட்டைப் பார்த்த பிறகு வாங்கச் சொல்லுங்கள். வாடகை வீட்டு மாடிப்படியில் ஏறாத பீரோவை மண்டபத்தில் காட்சிக்கு வைத்து என்ன ஆகப்போகிறது?

நீங்களாக விரும்பிக் கொடுப்பதற்கும் ஒரு பட்டியல் வேண்டும். வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 1985-ஆம் ஆண்டு விதிகளின்படி, மணமகளுக்குத் தரும் பொருள்களை மதிப்போடு எழுதி மணமக்கள் கையெழுத்திட வேண்டும். சட்டம் இருக்கிறது, கேட்பதற்குத்தான் ஆளில்லை. தகராறு வந்து நீதிமன்றம் போகும்போதுதான் எல்லோரும் அந்தத் தாளைத் தேடுகிறார்கள். நகை பில்களை மகள் பெயரிலேயே போடுங்கள். பட்டியலில் நிகர எடையும் ஹெச்.யூ.ஐ.டி. எண்ணும் இருக்கட்டும், பில் நகலோடு ஒரு பிரதியை உங்கள் வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள்.